வலிக்காத புண்

இந்தப் பக்கத்தில் வருபவர் எங்கள் பாதச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துபோகும் ஒருவர். தன் அனுபவத்தைச் செய்திமடலில் எழுதலாம் என்று தமிழில் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். சம்மதம் தராவிட்டாலும், அச்சுக்குப் போகும் முன் திரும்பப் பெற்றாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். எழுதி முடித்ததும் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினோம். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டோம். பிளேடு பற்றிய இடத்தை நாங்கள் எடுக்க நினைத்தோம்; அது இருக்கட்டும் என்றார். பெயர், ஊர், தொழில், ஆண்டு, படம் எதுவும் இதில் இல்லை.

*

ஐம்பது வயதைக் கடந்தவர். பகல் முழுக்க நின்றே வேலை. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள். மாத்திரையைத் தவறவிட்டவர் இல்லை, ஆனால் அந்த 12 ஆண்டுகளில் காலை யாரும் தொட்டுச் சோதித்ததில்லை.

புண்ணை முதலில் கண்டது அவர் அல்ல, வீட்டில் இருந்த ஒருவர். துடைத்துவிட்ட ஆத்தங்குடிக் கல் தரையில் அவர் நடந்துபோன வழியெங்கும் வலது கால் பெருவிரலுக்குக் கீழே வரும் இடத்தில் மட்டும் சின்ன ஈர வட்டம் விழுந்திருந்தது. தண்ணீர் என்று நினைத்துத் துணியை எடுத்தவர், வாடை வந்ததும் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

அந்த இடத்தில் ஒரு வருடமாகக் காய்ப்பு இருந்தது. வெந்நீரில் காலை ஊறவைத்து, சவரப் பிளேடால் மாதம் ஒருமுறை சீவி வந்தார். தைப்பூசத்துக்குப் பழனிக்கும், இடையிடையே குன்றக்குடிக்கும் வெறுங்காலோடு நடந்தவர் என்பதால் காய்ப்பு அவருக்குப் புதிதில்லை. "வலிச்சா வந்திருக்க மாட்டேனா?" என்று முதல் நாளே கேட்டார். நியாயமான கேள்வி. வலி வராததுதான் நோய்.

*

முதல் நாள் சோதனைகள் அரை மணி நேரத்தில் முடிந்தன. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் 10 இடங்களில் வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது" என்று அவர் சொன்னது 3 இடங்களில். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு பெருவிரலில் தெரியவே இல்லை, கணுக்காலில்தான் தெரிந்தது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது: கணுக்கால் அழுத்தமும் கை அழுத்தமும் ஏறக்குறைய சமம். சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் சுவர் கெட்டியாகி அந்தக் கணக்கு பொய்யாக நல்லதாகவும் வரலாம் என்பதால் டாப்ளரில் ஓட்டத்தின் ஒலியையும் கேட்டு உறுதி செய்தோம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 10.4 சதவீதம்.

பிறகு காய்ப்பைச் செதுக்கினோம். மரத்துப்போன கால் என்பதால் மயக்க ஊசி தேவைப்படவில்லை. வரும்போது வெளியே தெரிந்தது பச்சைப் பயறு அளவு ஓட்டை. செதுக்கி முடித்ததும் புண் 2.2 செ.மீ. நீளம், 1.8 செ.மீ. அகலம். "சின்னதா இருந்ததை வெட்டிப் பெருசாக்கிட்டாங்களே" என்று கூட வந்தவர் கலங்கினார். இது ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் எழும் வருத்தம், அதனால் செதுக்கும் முன்பே சொல்லிவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. காய்ப்பு ஒரு மூடி. புண் அதற்கு அடியில் பரவியிருக்கும். மூடியை எடுக்காமல் மேலே என்ன மருந்து போட்டாலும் சீழ் உள்ளேயே தங்கும். காய்ப்பே ஒரு கல் போல நின்று ஒவ்வோர் அடிக்கும் உள்சதையை நசுக்கவும் செய்யும்.

முனை மழுங்கிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்ததில் எலும்பு தட்டுப்படவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. ஆனாலும் மூன்று வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னோம், எலும்பில் தொற்று ஏறியிருந்தால் அது படத்தில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். புண்ணின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பு ஒரு செ.மீ.க்குள் இருந்தது, காய்ச்சல் இல்லை. லேசான தொற்று. வாய்வழி ஆன்டிபயாடிக் 10 நாள், இரவு இன்சுலின், சலைன் கொண்டு கழுவிக் கட்டு. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், ஹைட்ரஜன் பெராக்சைடு நான்கும் வேண்டாம். முதல் மூன்றும் புண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு அதன் அடியை மறைத்துவிடும். நான்காவது புதுச் சதையையும் சேர்த்து எரித்துவிடும்.

*

முதல் மூன்று வாரம் வீணாகப் போனது. காரணம் மருந்து இல்லை.

பாரம் விழாமல் இருக்க, முழங்கால் வரை வரும் கழற்றி மாட்டும் பூட் கொடுத்திருந்தோம். மூன்றாம் வாரம் அளந்தால் 2.1-க்கு 1.7. ஏறக்குறைய அப்படியே. பூட்டின் அடிப்பாகம் புதுசு போலச் சுத்தமாக இருந்ததைக் கட்டு மாற்றும் செவிலியர் பார்த்துவிட்டு, "அண்ணே, இதை எங்கெங்க போடுறீங்க?" என்றார். வெளியே போகும்போதெல்லாம் போட்டிருக்கிறார். வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வெறுங்கால். ராத்திரி கழிவறைக்குப் போகவும் வெறுங்கால்தான்.

இதை அலட்சியம் என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. திண்ணையைத் தாண்டிச் செருப்பு வராத வீடுகள் இவை. "எப்போதும் போடுங்கள்" என்று நாங்கள் சொன்னது அவர் காதில் "வெளியில் எப்போதும்" என்றுதான் விழுந்தது, அப்படித்தான் விழும். முன்முற்றத்திலிருந்து பின்கட்டு வரை ஒரு நாளில் எத்தனை முறை நடக்கிறார் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது நாங்கள். இப்போது அந்தக் கேள்வி எங்கள் பதிவுத்தாளில் அச்சாகி இருக்கிறது.

அடுத்து, கழற்ற முடியாத முழுப்பாதக் கட்டு. எக்ஸ்ரே மறுபடியும் சுத்தம், ரத்த ஓட்டம் சரி, தொற்று அடங்கிவிட்டது. இந்த மூன்றும் இருந்தால்தான் இந்தக் கட்டு. குப்புறப் படுக்கவைத்து, முழங்காலையும் கணுக்காலையும் 90 பாகையில் மடக்கி, விரல்களுக்கு மேல் நுரைப் பஞ்சு, முன்கால் எலும்புக்கும் இரு கணுக்கால் முட்டுகளுக்கும் மெத்தை வைத்து, முதல் சுற்று மாவைத் தோலோடு ஒட்டப் படியவைத்தோம். அதற்கு மேல் ஃபைபர் கட்டு. புண் இருக்கும் இடத்தில் விழும் பாரத்தைப் பாதம் முழுவதற்கும் முன்காலுக்கும் பிரித்துவிடுவதுதான் இதன் வேலை. கட்டால் வலது கால் உயர்ந்துவிடும் என்பதால் இடது செருப்புக்கு அதே அளவு அட்டை கொடுத்தோம். இல்லாவிட்டால் இடுப்பு வலிக்கும், நல்ல காலும் அடிபடும்.

முதல் கட்டை நான்காம் நாளே பிரித்தோம். வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்துவிடும், தளர்ந்த கட்டு உள்ளேயே தேய்த்துப் புதுப் புண் உண்டாக்கும். அதன்பின் வாரம் ஒருமுறை. அவருக்கு எழுதிக் கொடுத்த எச்சரிக்கைத் தாளில் முதல் வரி, "காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் அன்றே வாருங்கள்." உள்ளே சீழ் பிடித்தாலும் வலி சொல்லாத கால் அது, குளுக்கோமீட்டர்தான் முதலில் சொல்லும். பிறகு காய்ச்சல், வாடை, கட்டு ஆடுவது, கட்டு நனைவது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது.

நான்கு வாரத்தில் 1.3-க்கு 1.1. பரப்பு பாதிக்கும் கீழே. நான்கு வாரத்தில் பாதியாகக் குறையாத புண்ணுக்குச் சிகிச்சையையே திரும்ப யோசிக்க வேண்டும். இவருக்கு அந்தத் தேவை வரவில்லை.

ஐந்தாம் வாரம் ஐப்பசி மழை. கட்டின் மேல் சுற்றிய பாலித்தீன் பையின் வாய் தளர்ந்து தண்ணீர் இறங்கிவிட்டது. வாரக் கட்டு மாற்ற இன்னும் மூன்று நாள் இருந்தும் மறுநாள் காலையே வந்துவிட்டார், தாளில் இருந்த ஒரு வரிக்காக. பிரித்தால் புண்ணைச் சுற்றித் தோல் வெளுத்து ஊறி, தொட்டால் உரியும் நிலை. ஐந்து நாள் கட்டில்லாமல், வீட்டில் சக்கர நாற்காலியோடு இருந்தார். தோல் காய்ந்ததும் மறுபடி கட்டு. மூன்று நாள் பொறுத்திருந்தால் அந்த ஊறல் புது வாசலாகியிருக்கும்.

புண் முழுவதும் மூடியது கட்டுப் போட ஆரம்பித்து ஒன்பதாம் வாரம். சர்க்கரைச் சராசரி அப்போது 7.6.

*

மூடியதோடு முடிவதில்லை. ஆறிய புண் ஓராண்டுக்குள் 10 பேரில் 4 பேருக்குத் திரும்ப வருகிறது. அவருக்கு இப்போது இரண்டு ஜோடி மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு. ஒன்று வெளியே. இன்னொன்று வாசலைத் தாண்டி வெளியே போகவே போகாது. பெரியவர்கள் அதற்கு ஒத்துக்கொண்டது அந்த நிபந்தனையில்தான். இரண்டிலும் குதிகாலுக்குப் பின்னால் வார் உண்டு, பெருவிரலில் மாட்டும் வளையம் இல்லை. ஆணி கிடையாது, ஒட்டுதான். தேய்ந்த அடியில் ஆணி மேலே வந்தால் அவருக்குத் தெரியாது. முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றி, சிவப்பு இருக்கிறதா என்று பார்த்து, தினமும் கொஞ்சம் கூட்டினார். கோயிலுக்கு வெயில் ஏறும் முன், தடித்த பருத்திக் காலுறையோடு போகிறார். இந்தத் தை மாதம் பழனிக்கு நடக்கவில்லை. அதையும் எழுதச் சொன்னவர் அவரேதான்.

ராத்திரி தூங்கும் முன் வீட்டில் ஒருவர் இரண்டு பாதத்தையும் புறங்கையால் ஒரே இடத்தில் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்கிறார். மாசியில் ஒருநாள் பழைய இடம் சூடாக இருந்தது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, சூடு மட்டும். இங்கே வெப்பமானியில் அளந்தபோது இடது காலைவிட 2.5 பாகை செல்சியஸ் கூடுதல், 2.2 தாண்டினாலே காலுக்கு ஓய்வு வேண்டும். புதுக் காய்ப்பு ஒன்று மெல்லிசாகப் படிய ஆரம்பித்திருந்தது. சீவினோம், செருப்பின் உள்மெத்தையில் அந்த இடத்தைக் குழித்துக் கொடுத்தோம், ஐந்து நாள் நடையைக் குறைத்தார். சூடு இறங்கிவிட்டது, தோல் உடையவில்லை.

பாதப் பரிசோதனை செவ்வாய், வெள்ளி காலை 9 முதல் 12 வரை, வெளிநோயாளர் பிரிவில். கடைசியாகப் பார்த்த ரத்தப் பரிசோதனைச் சீட்டும் மாத்திரை அட்டையும் கொண்டு வாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று புதுச் செருப்பு வேண்டாம். தினமும் போடுகிற தேய்ந்த செருப்பையே போட்டு வாருங்கள், அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்றுதான் முதலில் திருப்பிப் பார்ப்போம்.