திண்ணையில் கொட்டான் முடையும் ஆச்சி: உன் முதல் படத்துக்கான குறிப்புகள்

தம்பி,

படத்தை அளவுகோல் வைத்தே பார்த்தேன். முதலில் நன்றாக வந்ததைச் சொல்கிறேன். ஆச்சியின் கையிலிருக்கும் கொட்டானில் ஓலை மேலும் கீழுமாக மாறி மாறிப் போவதைச் சரியாகப் பிடித்திருக்கிறாய். விளிம்பு மடிப்பில் ஓலை நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக்கூட விடவில்லை. அந்தப் பகுதியில் கை வைக்காதே. மற்ற இடங்களைத்தான் திருத்த வேண்டும்.

பெரிய சிக்கல் அளவு விகிதம். உச்சியிலிருந்து தாடை வரை தலை 3 செ.மீ. சம்மணமிட்ட உடம்பு, தரையிலிருந்து உச்சி வரை 9 செ.மீ. அதாவது மூன்று தலை. நிமிர்ந்து உட்கார்ந்தால் ஏறக்குறைய நான்கு தலை உயரம் வரும்; முதுகு வளைந்த வயதானவருக்கு மூன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று தலைக்கு இறங்கியதால்தான் சுருக்கம் போட்ட பிறகும் குழந்தை உடம்பு மாதிரி தெரிகிறது. முகத்தில் கவனம் அதிகம் போவதால் அதைப் பெரிதாக வரைந்துவிடுவது தொடக்கத்தில் எல்லோருக்கும் வருவதுதான். தரையிலிருந்து உச்சி வரையுள்ள 9 செ.மீ. உயரத்தை அப்படியே விட்டு, தலையை மட்டும் 2.6 செ.மீ. ஆக்கு.

கண்கள் மேலேறிவிட்டன. அவை தலையின் நடுவில், அதாவது தாடையிலிருந்து 1.3 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். கொண்டையை இந்தக் கணக்கில் சேர்க்காதே. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை கையின் நீளம், தாடையிலிருந்து நெற்றி முடி தொடங்கும் இடம் வரையுள்ள அளவு இருக்கும். நீ போட்டது 1.2 செ.மீ.; 1.9 வேண்டும். வேலை செய்யும் கைதானே இந்தப் படத்தின் உயிர், அது சிறுத்துப் போகக் கூடாது.

நிலைக்கதவையும் பார். ஆச்சி எழுந்து நின்றால் ஆறரைத் தலை, சுமார் 17 செ.மீ. ஒட்டிப் பின்னாலிருக்கும் கதவோ 13 செ.மீ.தான். அதற்குள் அவர் நுழையவே முடியாது. கதவை 20 செ.மீ. ஆக்கு, இல்லையென்றால் நிலையின் மேல்பகுதி தாளுக்கு வெளியே போகட்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. கண் ஆச்சியிடமே நிற்கும்.

அடுத்து கோட்டின் கனம். முழுப் படத்தையும் 0.5 பேனாவில் முடித்திருக்கிறாய். அதனால் ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலையும் ஆச்சியின் முகமும் ஒரே சத்தத்தில் பேசுகின்றன. உடம்பு திண்ணையைத் தொடும் இடம், தாடைக்கு அடி, கொட்டானின் அடிவிளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் 0.8 எடு. சேலைக்கும் கைக்கும் 0.5, முகத்துக்கு 0.3. தரைக்கல்லுக்கும் நிலையின் செதுக்கு வேலைக்கும் 0.1 போதும், தூரம் போகப் போகக் கோட்டை அங்கங்கே அறுத்து விடு. தோள்கோடு பத்துப் பன்னிரண்டு துண்டாக மயிர் மயிராக நிற்கிறது. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் அப்படித்தான் வரும். பென்சிலில் பாதையைப் போட்டுக்கொண்டு, தோளிலிருந்து கையை அசைத்து ஒரே இழுப்பில் இழு.

ஷேடிங்கில் வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. தூணின் வலப்புறம் நிழல், முகத்திலோ இடப்புறம். தெரு இடப்பக்கம் இருக்கிறது, திண்ணைக்கு மேலே கூரை இருக்கிறது. ஆகவே வெளிச்சம் இடமிருந்துதான். தாளின் மூலையில் சின்ன அம்புக்குறி போட்டுவைத்து, ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும் அதைப் பார்.

முறையிலும் ஒற்றுமை இல்லை: தூணில் இணைகோடு, சேலையில் குறுக்குக்கோடு, முகத்தில் விரலால் தேய்த்த பென்சில். தேய்த்ததை விட்டுவிடு, பேனாக்கோட்டுக்குப் பக்கத்தில் அது அழுக்காகத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் இணைகோடு, ஒரே சாய்வு. இலேசான நிழலுக்கு 2 மி.மீ. இடைவெளி, நடுத்தரத்துக்கு 1 மி.மீ., அடர்த்திக்கு மட்டும் மேலே ஒரு குறுக்கு அடுக்கு. வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளைத் தாள் அப்படியே இருக்கட்டும்.

கண்டாங்கிச் சேலையில்தான் அதிகம் குழம்பியிருக்கிறாய். கரை கறுப்பு, மடியின் நிழலும் கறுப்பு; இரண்டும் ஒட்டிக்கொண்டதில் முழங்கால் காணாமல் போய்விட்டது. துணியின் நிறம் வேறு, அதன்மேல் விழும் நிழல் வேறு. கறுப்புக் கரையானாலும் வெளிச்சத்தில் இருக்கும் பகுதியை நடுத்தரத்தில் நிறுத்து. மடிப்புக்குள் போகும் இடத்தில் மட்டும் அடர்த்தியாக்கு. கட்டங்களையும் கணக்கு நோட்டுத் தாள் மாதிரி நேராகப் போட்டிருக்கிறாய். முழங்காலில் கட்டம் வளைய வேண்டும், மடிப்பில் பாதி மறைய வேண்டும். அதைச் செய்தால் ஷேடிங் இல்லாமலே உருண்ட வடிவம் பாதி வந்துவிடும்.

இதே தாளில் திருத்தாதே, பேனாக்கோடு அழியாது. புதுத்தாளை மேலே வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்து, கொட்டானை மட்டும் அப்படியே எடுத்துக்கொள். தலை, கை, கதவு மூன்றையும் புது அளவில் HB பென்சிலால் மெல்லப் போடு. பேனாவைத் தொடுமுன் அந்தப் பென்சில் படத்தைக் காட்டு. அளவைச் சரிபார்த்துத் தருகிறேன்.