நாலு மிச்சமிருக்கும் மாத்திரை அட்டை

வாருங்கள் பெரியம்மா, முன்னால் வந்து உட்காருங்கள். அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

இந்த மாத்திரை அட்டையைப் பாருங்கள். போன வாரம் ஓர் அக்கா என்னிடம் கொடுத்தது. பத்தில் ஆறு தீர்ந்திருக்கிறது, நாலு மிச்சம். வீட்டுக்காரருக்குச் சளி பிடித்தபோது வாங்கிய ஆன்டிபயாடிக். மிச்சத்தைப் பாதி பாதியாக உடைத்து மகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கேட்டாரே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. இதற்காகத்தான் உங்களை எல்லாம் கூப்பிட்டேன்.

சளியும் ஃப்ளூ காய்ச்சலும் வைரஸால் வருகின்றன. ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. இரண்டையும் 'கிருமி' என்றே சொல்லிப் பழகிவிட்டதால், ஒரே மருந்து இரண்டுக்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். பாக்டீரியா தனியாக வாழும் உயிர். அதைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. பெனிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்கின்றன. பாக்டீரியா வெடித்துச் சாகிறது. வைரஸுக்குச் சுவரே கிடையாது. அது நம் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்லுக்குள் புகுந்து, அங்கேயே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. இல்லாத சுவரை எந்த மாத்திரை இடிக்கும்?

"போன தடவை சாப்பிட்டேன், மூன்றே நாளில் சரியானதே" என்கிறீர்கள் அண்ணா. சரியானது உண்மை. ஆனால் எப்போது மாத்திரையைத் தொட்டீர்கள்? நாலைந்து நாள் மூக்கு ஒழுகி, பொறுமை போன பிறகு. சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே போய்விடும். உங்கள் உடம்பு போராடி முடிக்கிற நேரத்தில் மாத்திரை உள்ளே போனது. பெயரை அது தட்டிக்கொண்டு போய்விட்டது. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம்கூட நீடிக்கும். மூக்குச்சளி மஞ்சளாக, பச்சையாக மாறினால் மருந்து வேண்டும் என்பதும் தவறு. கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்களால் வரும் நிறம் அது.

சாப்பிட்டால்தான் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வயிற்றுப்போக்கு வரலாம், உடம்பெல்லாம் தடிப்பு வரலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். இன்னொன்று, எனக்கு இரவில் தூக்கம் வராமல் செய்வது. நம் குடலிலும் தோலிலும் எப்போதும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தேவையில்லாமல் மருந்து கொடுக்கும்போது வலு இல்லாதவை சாகின்றன. மருந்துக்குத் தப்பியவை பெருகுகின்றன. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பரவுகின்றன. நாளைக்கு உண்மையாகவே நிமோனியா வரும் குழந்தைக்கு அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் சளிக்கு என்னதான் செய்வது? ஓய்வு, நிறையத் தண்ணீர், காய்ச்சலுக்கு வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் பாராசிட்டமால். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஃப்ளூவுக்கு வேறு வகை மருந்து உண்டு, அது ஆன்டிபயாடிக் அல்ல. முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஆகவே வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் கடும் காய்ச்சலும் உடம்புவலியும் திடீரென்று வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஆன்டிபயாடிக்கை நான் குறை சொல்லவில்லை. நிமோனியாவில் அது உயிரைக் காப்பாற்றும். மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் சொன்னபடி சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, விட்ட காய்ச்சல் மறுபடி அடிப்பது, குழந்தை பால் குடிக்க மறுப்பது, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே போதும்.

சளி பிடித்த குழந்தையின் மூச்சை வீட்டிலேயே எண்ணலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தங்கச்சி, உன் மடியில் தூங்குகிறானே, அவன் சட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கு. வயிறு ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரிகிறதா? ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. அண்ணா, நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். தொடங்குவோம்.