மண்டையோட்டு அடித்தளத் துளைகள்: வியாழக்கிழமை வைவாவுக்கு முன் ஒரு வினாவிடை

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு,

வியாழக்கிழமை எலும்பு மேசையில் மண்டையோடுதான் வைக்கப்போகிறோம். மூடி கழற்றிய ஒன்றும் முழுசாக ஒன்றும் இருக்கும். இந்தக் கேள்விகளை எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள். ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு துளையிலும் மெதுவாக விட்டு, அது எங்கே போய் வெளிவருகிறது என்று பாருங்கள். வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தது மேசை முன்னால் நிற்கும்போது கலைந்துபோகிறது. வழி தெரிந்தவர்களுக்கு அப்படி ஆவதில்லை.

1. கிரிப்ரிஃபார்ம் தட்டின் வழியாகச் செல்வது எது?

ஆல்ஃபாக்டரி நரம்பின் இழைகள். மூக்குக்கூரையிலிருந்து மேலேறி ஆல்ஃபாக்டரி பல்புக்குப் போகின்றன. தட்டின் முன்பக்கத்தில், கிறிஸ்டா கல்லிக்குப் பக்கத்தில் உள்ள சிறு பிளவு வழியாக ஆன்டீரியர் எத்மாய்டல் நரம்பு மூக்குக்குள் இறங்குகிறது. இந்தத் தட்டு உடைந்தால் வாசனை போகலாம், மூளைத் தண்டுவட நீர் மூக்கில் வடியலாம்.

2. ஆப்டிக் கால்வாயில்?

ஆப்டிக் நரம்பு, அதன் உறைகளோடு. கூடவே ஆஃப்தால்மிக் தமனி. ஆஃப்தால்மிக் சிரை என்று சொல்லிவிடாதீர்கள். சிரைக்கு வழி வேறு, அடுத்த கேள்வியில் வருகிறது.

3. சுப்பீரியர் ஆர்பிட்டல் பிளவில் செல்பவற்றைச் சொல்லுங்கள். டெண்டினஸ் வளையத்துக்கு உள்ளே எவை, வெளியே எவை?

இது ஸ்பீனாய்டின் பெரிய இறக்கைக்கும் சிறிய இறக்கைக்கும் நடுவே உள்ள பிளவு. வளையத்துக்கு வெளியே, மேல்பகுதியில் லாக்ரிமல், ஃப்ரான்டல், ட்ராக்ளியர் ஆகிய மூன்று நரம்புகளும் சுப்பீரியர் ஆஃப்தால்மிக் சிரையும். உள்ளே ஆக்குலோமோட்டர் நரம்பின் மேல், கீழ் இரு பிரிவுகள், நேசோசிலியரி, அப்டூசன்ஸ்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளில் ட்ராக்ளியர் மட்டும் வளையத்துக்கு வெளியே வருகிறது. அதனால்தான் கண்ணுக்குப் பின்னால், தசைகளின் கூம்புக்குள் மரப்பு ஊசி போடும்போது மற்ற தசைகள் அடங்கினாலும் சுப்பீரியர் ஆப்ளிக் அசைந்துகொண்டே இருக்கலாம். இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் உள்ளே, வெளியே என்ற குழப்பம் பாதி தீரும். ஆஃப்தால்மிக் நரம்பின் மூன்று கிளைகளில் நேசோசிலியரி மட்டும் உள்ளே, மற்ற இரண்டும் வெளியே என்பது மீதிப் பாதி.

4. ரொட்டண்டம், ஓவேல், ஸ்பைனோசம் மூன்றும் ஸ்பீனாய்டின் பெரிய இறக்கையில் இருப்பவை. மண்டையோட்டைக் கவிழ்த்து அடியிலிருந்து பார்த்தால் எது தெரியாது? ஏன்?

ஃபொரமென் ரொட்டண்டம். அது கீழ்நோக்கித் திறப்பதில்லை, முன்னோக்கி டெரிகோபேலட்டைன் குழிக்குள் திறக்கிறது. கம்பியை விட்டுப் பார்த்தவர்கள் இதில் தடுமாறுவதில்லை. அதன் வழியாகப் போவது மேக்ஸில்லரி நரம்பு. முகத்தின் நடுப்பகுதிக்குப் போகவேண்டிய நரம்பு முன்னோக்கிப் போவது இயல்புதானே.

5. ஃபொரமென் ஓவேல் வழியாக?

மாண்டிபுலர் நரம்பு, துணை மெனிஞ்சியல் தமனி, லெஸ்ஸர் பெட்ரோசல் நரம்பு, ஒரு எமிசரி சிரை. மேக்ஸில்லரி முழுவதும் உணர்வு நரம்பு. மாண்டிபுலருக்கோ டிரைஜெமினலின் இயக்க வேரும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே இங்கே பாதிப்பு வந்தால் தாடை உணர்வோடு மெல்லும் தசைகளும் தளரும்.

லெஸ்ஸர் பெட்ரோசலை ஏன் கேட்கிறோம் என்றால், அது உண்மையில் குளோசோஃபெரிஞ்சியல் நரம்பின் ஆள். பரோடிட் சுரப்பியைச் சுரக்கவைக்கும் இழைகள் அதில் வந்து, துளைக்குச் சற்றுக் கீழே உள்ள ஓட்டிக் கேங்க்லியானில் சேர்கின்றன.

6. தலையின் பக்கவாட்டில் அடிபட்டவர் சற்று நேரம் தெளிவாகப் பேசிவிட்டு, பிறகு நினைவிழக்கிறார். கிழிந்த தமனி எந்தத் துளை வழியாக மண்டைக்குள் வந்தது?

ஃபொரமென் ஸ்பைனோசம். தமனி, மிடில் மெனிஞ்சியல். டீரியான் பகுதியில் எலும்பு மெல்லியது, அதன் உட்புறத்தில் இந்தத் தமனியின் முன்கிளை ஓடுகிறது. அதே துளையில் மாண்டிபுலர் நரம்பின் மெனிஞ்சியல் கிளையும் மண்டைக்குள் திரும்பி வருகிறது.

7. ஃபொரமென் லசெரம் வழியாக இன்டர்னல் கரோட்டிட் தமனி செல்கிறது. சரியா, தவறா?

தவறு. வருடாவருடம் அதிகமானோர் விழும் இடம் இது. காய்ந்த எலும்பில் பெரிய ஓட்டையாகத் தெரிந்தாலும், உயிருள்ளவரிடம் அதன் கீழ்ப்பகுதியைக் குருத்தெலும்பு மூடியிருக்கும். கரோட்டிட் தமனி டெம்போரல் எலும்பில் உள்ள கரோட்டிட் கால்வாய்க்குள், சிம்பதெடிக் இழைகளோடு நுழைந்து, முன்னோக்கித் திரும்பி, லசெரத்தின் மேல்பகுதியைத் தாண்டி உள்ளே ஏறுகிறது. “மேலே கடக்கிறது, ஊடே போவதில்லை” என்று சொல்லுங்கள், முழு மதிப்பெண். மேலிருந்து கீழ்வரை முழுமையாக ஊடுருவுவது அசென்டிங் ஃபெரிஞ்சியல் தமனியின் ஒரு மெனிஞ்சியல் கிளையும் எமிசரி சிரையும்தான்.

8. ஃபேஷியல் நரம்பு மண்டையை விட்டு வெளியேறும் வழியைச் சொல்லுங்கள். ஸ்டைலோமாஸ்டாய்டு துளையில் மட்டும் அது பாதிக்கப்பட்டால் நாக்கின் சுவை போகுமா?

இன்டர்னல் அக்கூஸ்டிக் மீட்டஸ் வழியாக நுழைகிறது. அங்கே அதனோடு வெஸ்டிபுலோகாக்ளியர் நரம்பும் லாபிரிந்தைன் தமனியும் இருக்கும். பிறகு எலும்புக்குள் வளைந்து வந்து ஸ்டைலோமாஸ்டாய்டு துளையில் வெளிவருகிறது.

சுவை போகாது. கிரேட்டர் பெட்ரோசல், ஸ்டேப்பீடியஸ் தசைக்கான நரம்பு, கார்டா டிம்பனி மூன்றும் அதற்கு முன்பே எலும்புக்குள் பிரிந்துவிடுகின்றன. நெற்றி உட்பட அந்தப் பக்க முகத் தசைகள் தளரும். கண்ணீரும் நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குச் சுவையும் தப்பிக்கும்.

9. ஜுகுலர் துளை?

நரம்புகள் மூன்று: குளோசோஃபெரிஞ்சியல், வேகஸ், ஆக்ஸசரி. முன்பக்கத்தில் இன்ஃபீரியர் பெட்ரோசல் சைனஸ். பின்பக்கத்தில் சிக்மாய்டு சைனஸ் வந்து இன்டர்னல் ஜுகுலர் சிரையாகிறது. இரண்டு பக்கத்தையும் அளந்து பாருங்கள், பெரும்பாலும் வலது பெரிதாக இருக்கும். சுப்பீரியர் சஜிட்டல் சைனஸின் இரத்தம் வழக்கமாக வலப்பக்கம் திரும்புவதுதான் காரணம்.

10. ஒரு துளை வழியாக மண்டைக்குள் வந்து, வேறொரு துளை வழியாக வெளியேறும் மண்டை நரம்பு எது?

ஆக்ஸசரியின் ஸ்பைனல் வேர். கழுத்துத் தண்டுவடத்தில் புறப்பட்டு, ஃபொரமென் மேக்னம் வழியாக ஏறி, ஜுகுலர் துளை வழியாக வெளியேறி ஸ்டெர்னோமாஸ்டாய்டுக்கும் ட்ரபீசியஸுக்கும் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அப்புறம் மேக்னத்தில் வேறென்ன என்று கேட்டால்: மெடுல்லாவின் கீழ்முனை, அதன் உறைகள், இரு வெர்ட்டிப்ரல் தமனிகள், ஸ்பைனல் தமனிகள்.

11. நாக்கை நீட்டச் சொன்னால் இடப்பக்கம் சாய்கிறது. எந்தத் துளையைச் சந்தேகிப்பீர்கள்?

இடது ஹைப்போகிளாசல் கால்வாய். அதன் வழியாக வரும் ஹைப்போகிளாசல் நரம்பு பழுதானால், நல்ல பக்கத்து ஜீனியோகிளாசஸ் நாக்கைப் பழுதான பக்கத்துக்குத் தள்ளிவிடும். ஆக்ஸிபிட்டல் கான்டைலுக்குச் சற்று மேலே கம்பியை விட்டுப் பாருங்கள், கால்வாய் முன்னோக்கியும் வெளிநோக்கியும் போகும்.