இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர் நியமனம்: காலைப் பெரட்டில் வாசிக்கும் அறிவிப்பு

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் காலை வணக்கம்.

இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர்களும் நிற்கிறீர்கள். அதனால் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இராமசாமி அண்ணனுக்கு 60 வயது நிறைந்து இந்த மாதக் கடைசியில் ஓய்வுபெறுகிறார். அவர் பார்த்துவந்த இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர் பொறுப்பை அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் பிரெஸ் பகுதியில் இருக்கும் மணிமாறன் ஏற்கிறார்.

இந்தப் பொறுப்புக்கு நம் ஆட்களில் வேறு சிலரும் மனுச் செய்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் நேற்றும் முந்தாநாளும் தனித்தனியே சந்தித்துப் பேசிவிட்டேன். தனக்குக் கிடைக்கவில்லை என்பதை இந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறவர் அவர்களில் ஒருவரும் இல்லை. எத்தனை பேர், யார் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. நேர்காணல் நடத்திய மூவரும் சொல்ல மாட்டார்கள். மனுச் செய்தவரே விரும்பிச் சொன்னால் அது அவருடைய விருப்பம்.

எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைத் தெரிந்துகொள்ள உங்கள் எல்லாருக்கும் உரிமை உண்டு. இரவு ஷிப்டில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மாலையில் சிறு தோட்டக்காரர்களின் லோரிகள் வரிசையாக வந்து நிற்கும். வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்தாக வேண்டும். தாமதமானால் கொழுப்பு அமிலம் ஏறும், 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை நல்ல விலைக்கு விற்க முடியாது. அப்படி ஓர் இரவில், இரண்டு மணிக்கு, பாய்லர் அழுத்தம் இறங்கினால் ஸ்டெரிலைசரை நிறுத்துவதா, பிரெஸ்ஸை நிறுத்துவதா என்று அங்கே நிற்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். என்னைத் தொலைபேசியில் எழுப்பிக் கேட்கும்வரை நீராவி காத்திருக்காது. செய்ததை மலாயில் பதிவேட்டில் எழுதி, காலையில் பொறுப்பேற்பவருக்குப் புரியும்படி விட்டுப்போகவும் வேண்டும்.

ஆகவே மனுச் செய்த எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம். நம் ஆலையில் உண்மையிலேயே நடந்த ஒரு மோசமான இரவின் பதிவேட்டுப் பக்கங்களைக் கையில் கொடுத்து, நீங்கள் அங்கே இருந்திருந்தால் எதை முதலில் செய்வீர்கள், எதை இரண்டாவதாகச் செய்வீர்கள், யாரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். அவரவர் கடந்த ஓராண்டில் எழுதிய பதிவுகளையும் படித்தோம். மணிமாறன் பிரெஸ் நின்ற ஒவ்வொரு முறையும் நேரத்தை மட்டும் எழுதாமல் காரணத்தையும் எழுதியிருக்கிறார். நாரில் எண்ணெய் கூடுதலாகப் போன நாட்களில் பிரெஸ்ஸோடு நிற்காமல் டைஜெஸ்டரில் பழம் எந்த மட்டத்தில் இருந்தது என்று போய்ப் பார்த்துக் குறித்திருக்கிறார். நேர்காணலில் அவர் சொன்ன வரிசையும் அப்படித்தான் இருந்தது: முதலில் ஆட்களின் பாதுகாப்பு, அடுத்து பாய்லர், அதன் பிறகே எண்ணெய். இந்தக் காரணங்களால் இந்த வேலைக்கு அவர் பொருந்துகிறார் என்று முடிவுசெய்தோம்.

இவை மணிமாறனைப் பற்றிச் சொன்னவை. இவற்றைத் திருப்பிப் போட்டு, அப்படியானால் மற்றவர்களுக்கு இது வராது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். நேர்காணலில் நான் கேட்ட பதில்களில் மிக நல்ல பதில்கள் பல இருந்தன. அவற்றில் ஒன்றை இன்றிலிருந்தே நடைமுறைக்குக் கொண்டுவருகிறேன்: இரவில் லோரி வரிசை நீளும்போது, உதிரிப் பழம் அதிகமாக இருக்கும் லோரியை முன்னால் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அடிபட்ட உதிரியில்தான் அமிலம் விரைவாக ஏறுகிறது, ஆகவே அது சரியான யோசனை. சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரோடு பதிவேட்டில் எழுதுவேன். சம்மதிக்காவிட்டால் பெயரில்லாமல் எழுதுவேன்.

மணிமாறனுக்கு முன்பே இங்கே சேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். சர்வீஸில் மூத்தவர்களை விட்டுவிட்டு இவரை ஏன் எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி, கேட்டதற்காக நான் முகம் சுளிக்க மாட்டேன். மனுக் கோரி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளிலேயே, இந்தப் பொறுப்புக்குச் சர்வீஸ் வருடம் முதல் அளவுகோல் இல்லை என்று எழுதியிருந்தோம். அதைக் கடைசியில் மாற்றவில்லை. மூத்தவர்களின் அனுபவம் பெரிது, அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்று இந்த இடத்தில் பெரிய வார்த்தைகளை அடுக்குவது வழக்கம். இன்று அப்படிப் பேசினால் அது மருந்து தடவுவதுபோல் இருக்கும். பத்து, இருபது ஆண்டுகள் வேலை செய்தவருக்கு அந்த மருந்து தேவையில்லை. அவர்கள் வேலையைப் பற்றி நான் பாராட்டிச் சொல்ல வேண்டியதை, அந்த வேலை நடக்கும் நாளில், அதே இடத்தில் சொல்வேன்.

வருத்தமாக இருப்பவர்கள் வருத்தமாக இருக்கலாம். இன்று மணிமாறனின் கையைப் பிடித்து வாழ்த்த வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. வாழ்த்தாதவரைப் பொறாமைக்காரர் என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

அடுத்து சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாம் வேலை செய்யும் இடம் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் பதவி கிடைக்காதவர் மாலையில் ரயில் ஏறிவிட்டால் அவரை அங்கே யாருக்கும் தெரியாது. இங்கே அப்படி இல்லை. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் இன்று ஒரே தாமானில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் ஒரே தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். ஆலையில் காலையில் சொன்னது நண்பகலுக்குள் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடும், சாயங்காலம் கோயில் வாசலுக்கு வந்துவிடும். ஒருவருடைய மனைவியிடம், "உங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லையாமே" என்று பரிவோடு கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்பவருக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. வீட்டுக்குப் போய் அதைத் தன் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியவருக்கு அப்படி இல்லை.

ஆகவே உங்களிடம் வேண்டிக் கேட்கிறேன். யார் மனுச் செய்தார்கள் என்று ஊகித்துப் பேசாதீர்கள். ஆறுதல் சொல்வதாக நினைத்து, "உனக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது அவரை மறுபடியும் அந்த நேர்காணல் அறைக்குள் உட்காரவைக்கும், மணிமாறனையும் குற்றவாளி ஆக்கும். வாட்ஸ்அப் குழுவில் மாலை போட்ட படமும் பட்டாசுப் படமும் வேண்டாம். முடிவில் தவறு இருக்கிறது என்று நினைத்தால் என்னிடம் வாருங்கள். முடிவெடுத்தவன் நான். மணிமாறன் மனுச் செய்தவர் மட்டுமே. அதற்கான பதிலை அவர் சொல்ல வேண்டியதில்லை.

மணிமாறன், உங்களுக்கும் எல்லார் முன்னிலையில் இரண்டு வார்த்தை. நேற்றுவரை அண்ணன் என்று அழைத்தவர்களை நாளையும் அண்ணன் என்றே அழையுங்கள். வேலை சொல்லும்போது தயங்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்து என்று நீங்கள் சொன்னால் வயது, சர்வீஸ் பார்க்காமல் அது உடனே நிற்க வேண்டும். அதில் உங்களுக்குப் பின்னால் நான் இருக்கிறேன். அதேபோல, ஆபத்து என்று கண்டால் புதிதாகச் சேர்ந்த நேப்பாளத் தம்பி நிறுத்தச் சொன்னாலும் நீங்கள் நிறுத்த வேண்டும்.

இனி வரப்போகும் வாய்ப்புகள். அடுத்த ஆண்டு நடுவில் பருப்புப் பகுதியின் தலைமைப் பொறுப்பு காலியாகிறது. அது யாருக்கும் முன்கூட்டியே ஒதுக்கப்படவில்லை, இந்த முறை மனுச் செய்தவர்களுக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தனியறையில் நான் யாருக்கும் ரகசிய உறுதி தரவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவைக்கிறேன். ஆனால் அதற்குத் தயாராகும் வழியை எல்லாருக்கும் திறந்துவைக்க முடியும். அடுத்த மாதம் முதல் மேற்பார்வையாளர் விடுப்பு எடுக்கும் நாட்களில் பொறுப்பு ஒரே ஆளிடம் போகாமல் சுழற்சியில் போகும். விருப்பம் உள்ளவர்கள் கிராணி சாந்தி அக்காவிடம் பெயர் கொடுங்கள். பொறுப்பேற்கும் நாளுக்கு அதற்கான படி உண்டு. கொதிகலன் ஓட்டுநர் சான்றிதழுக்குப் படிக்க விரும்புகிறவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தை ஆலை கட்டும், தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும். மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு ஆலை மாதந்தோறும் சம்பளத் தொகையில் 1 சதவீதம் கட்டிவருகிறது. அது உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் இல்லை, உங்கள் பயிற்சிக்கென்று கட்டும் பணம். மலாயில் பதிவேடு எழுதும் பயிற்சிக்கு அதைப் பயன்படுத்த மனுப் போட்டிருக்கிறேன்.

மனுச் செய்தவர்களுக்கு மட்டும் ஒன்று. தனியாகப் பேசியபோது மனம் கொதித்துக் கேட்க முடியாமல் போன கேள்வி இருந்தால், ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்துக்கூட வந்து கேளுங்கள். உங்கள் நேர்காணல் குறிப்பை உங்கள் முன்னால் வைத்தே பேசுகிறேன். வேறொருவரின் குறிப்பைக் காட்ட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு, இரண்டு ஷிப்டும் சந்திக்கும் நேரத்தில், கேண்டீனில் தேநீரும் வடையும் பாயசமும் உண்டு. அது இராமசாமி அண்ணனை வழியனுப்பும் கூட்டம். இளைஞனாக இந்த ஆலைக்குள் வந்து, இரவுகளைப் பகலாக்கி நம் எண்ணெயைக் காத்தவர் அவர். அன்று அவரைப் பற்றி மட்டும் பேசுவோம். பதவி உயர்வுப் பேச்சை அந்தக் கூட்டத்தில் எடுக்க வேண்டாம். குடும்பத்தை அழைத்து வரலாம்.

இந்த அறிவிப்பின் மலாய் வடிவத்தை சாந்தி அக்கா இப்போது வாசிப்பார், வாசித்த பிறகு இரண்டும் பலகையில் ஒட்டப்படும். மாத இறுதிவரை இரவு ஷிப்ட் இராமசாமி அண்ணன் பொறுப்பில்தான் இருக்கும். மணிமாறன் அவருடன் கூட நின்று கற்பார். பிரெஸ் பகுதியில் அவர் இடத்துக்கு யார் என்பதை இந்த வார முடிவுக்குள் அந்தப் பகுதி ஆட்களோடு பேசி முடிவுசெய்வோம்.

பகல் ஷிப்டுக்கு ஒரு செய்தி: இரண்டாம் ஸ்டெரிலைசரின் கதவு வாஷர் மாற்றப்படுகிறது. 9 மணிவரை நீராவி வால்வில் பூட்டு இருக்கும், பூட்டுப் போட்டவரைத் தவிர யாரும் அதைத் தொட வேண்டாம். இரவு ஷிப்டினர் கிளம்பலாம்.

இளங்கோவன்
ஆலை மேலாளர்