பதில்: 2024 டிசம்பர் ஆண்டு இறுதித் தணிக்கை – பிப்ரவரி 24 தேதியிட்ட ஐந்து கேள்விகள்

வணக்கம்.

திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய ஐந்து கேள்விகளுக்கும் கீழே பதில் இருக்கிறது. வரிசை உங்களுடையதுதான். தொகைகள் எல்லாம் வரி நீங்கலாக. எங்கே தப்பு எங்களுடையதோ அங்கே அப்படியே ஒத்துக்கொண்டிருக்கிறேன், எங்கே உடன்படவில்லையோ அங்கே காரணத்தோடு சொல்லியிருக்கிறேன்.

கேள்வி 1: டிசம்பர் 28 தேதியிட்ட இரண்டு பில்கள், 40 பம்புகள், 36,00,000. சரக்கு ஆண்டு முடிவில் எங்கள் கிடங்கிலேயே இருந்ததே, எப்படி விற்பனை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி நியாயமானது. 40ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது என்பதுதான் எங்கள் பதில்: 26 பம்புகள் 2024 விற்பனை, 14 இல்லை.

பில் போட்டுவிட்டுச் சரக்கை விற்றவரே வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு ஐஎஃப்ஆர்எஸ் 15, பத்தி பி81 நான்கு நிபந்தனைகள் சொல்கிறது, நான்கும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். முதலாவது, வைத்திருப்பதற்கு உண்மையான காரணம்: வாடிக்கையாளர் டிசம்பர் 19 அன்று அனுப்பிய மெயிலில், பம்பு நிறுத்தும் இடத்தில் அஸ்திவார வேலை முடியவில்லை, ஜனவரி இரண்டாம் வாரம் வரை நீங்களே வைத்திருங்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்டது அவர், நாங்கள் இல்லை. இரண்டாவது, இன்னாருடைய சரக்கு என்று பிரித்துக் காட்ட முடிய வேண்டும்: 26 பம்புகளின் சீரியல் எண்களும் முதல் பில்லிலேயே இருக்கின்றன, டிசம்பர் 27 அன்று மஞ்சள் அட்டை கட்டி மூன்றாம் பகுதிக்கு மாற்றியதற்குக் கிடங்குப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. மூன்றாவது, உடனே அனுப்பத் தயாராக இருக்க வேண்டும்: 26க்கும் அழுத்தச் சோதனை அறிக்கைகளின் தேதி டிசம்பர் 24, 26. நான்காவது, நாங்கள் அதை வேறு யாருக்கும் திருப்பிவிட முடியாத நிலை வேண்டும்: ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, நடைமுறையிலும் திருப்பவில்லை, ஜனவரி 9 அன்று கிளம்பியவை அதே சீரியல் எண்கள்தான். ஆகவே 23,40,000 இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. வைத்துப் பாதுகாத்ததற்குத் தனியாக வருமானம் பிரிக்க வேண்டாமா என்று அடுத்து கேட்பீர்கள்; பி82ஐப் பார்த்துவிட்டோம், இரண்டு வாரத்துக்கும் குறைவான காலம், பிரித்தாலும் சொற்பத் தொகைதான் வரும் என்பதால் பிரிக்கவில்லை.

மீதி 14 வேறு கதை. அவற்றின் சோதனை முடிந்ததே ஜனவரி 4 அன்று. பில் போட்டவர் உற்பத்திப் பட்டியலைப் பார்த்துப் போட்டிருக்கிறார், சோதனை அறிக்கையைப் பார்க்கவில்லை. மூன்றாவது நிபந்தனை விழுந்துவிடுகிறது, அதனால் இது எங்கள் பிழை. விற்பனையில் 12,60,000 குறைத்து, இருப்பில் 8,68,000 ஏற்றுகிறோம், வரிக்கு முந்தைய லாபம் 3,92,000 குறையும். திருத்தப் பதிவின் வரைவு இணைப்பில் இருக்கிறது, நீங்கள் பார்த்துச் சரி என்றால் அன்றே போட்டுவிடுகிறோம்.

அப்புறம், கிடங்குப் பொறுப்பாளர் "இன்னும் விற்கவில்லை" என்று சொன்னதாக உங்கள் குறிப்பில் இருக்கிறது. அவரிடம் கேட்டேன், சோதனை மேடையில் நின்ற 14ஐப் பற்றித்தான் சொன்னதாகச் சொல்கிறார். என் வார்த்தையை வைத்து இதை முடித்துவிட வேண்டாம், நான் பக்கத்தில் இல்லாதபோது நீங்களே அவரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி வேறு பில் உண்டா? டிசம்பர் 15 முதல் 31 வரையிலான 63 பில்களையும் அனுப்புகைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தோம், இந்த இரண்டு மட்டும்தான். 15க்கு முந்தையவற்றை நாங்கள் பார்க்கவில்லை. அதனால் "ஆண்டு முழுவதும் வேறு இல்லை" என்று எழுதித்தர என்னால் இப்போது முடியாது; வேண்டுமென்றால் சொல்லுங்கள், நவம்பரிலிருந்து பார்த்துத் தருகிறோம். கேள்வியின் தலைப்பில் "வருமானத்தை முன்கூட்டிக் காட்டும் வழக்கம்" என்று இருக்கிறது. ஒரு பில்லில் நடந்த பிழையை வழக்கம் என்று சொல்ல இதுவரை பார்த்ததில் ஆதாரம் இல்லை, இறுதி அறிக்கையில் அந்தச் சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி 2: 18 மாதமாக அசையாத உதிரி பாகங்கள், 7,15,000. முழுவதையும் ஏன் தள்ளவில்லை?

வயதை மட்டும் வைத்துத் தள்ள ஐஏஎஸ் 2 சொல்லவில்லை, அடக்கவிலையா விற்றால் கைக்கு வரக்கூடிய நிகர விலையா, எது குறைவோ அதுதான் அளவு. இதில் 2,20,000 நாங்கள் உற்பத்தியை நிறுத்திவிட்ட பழைய மாடலுக்கானது. பழைய இரும்பு விலையில் 30,000 தேறும், ஆக 1,90,000 குறைக்க ஒத்துக்கொள்கிறோம். மீதி 4,95,000இல் 1,40,000 அடக்கம் உள்ளவை ஜனவரி, பிப்ரவரியில் அடக்கத்துக்கு மேலேயே விற்றுவிட்டன, பில்கள் இணைப்பில். கடைசியாக நிற்கும் 3,55,000க்கு இன்னும் விற்பனை நடக்கவில்லை. எங்களிடம் இருப்பது நடப்பு விலைப்பட்டியலும், அந்த மாடல்களுக்கு 2026 வரை ஓடும் பராமரிப்பு ஒப்பந்தங்களும்தான். அது போதும் என்று நாங்கள் நினைக்கிறோம். போதாது என்று பட்டால் எந்தப் பாகம் என்று குறிப்பிடுங்கள், ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசலாம்.

கேள்வி 3: முன்னாள் விநியோகஸ்தர் தொடுத்த வழக்கு, கோரிக்கை 50,00,000. ஏன் ஒதுக்கீடு இல்லை?

ஐஏஎஸ் 37படி ஒதுக்கீடு வைக்க, பணம் போகாமலிருப்பதைவிடப் போகத்தான் வாய்ப்பு அதிகம் என்ற நிலை வேண்டும். எங்கள் மதிப்பீட்டில் அந்த நிலை இல்லை: ஒப்பந்தத்தில் உள்ள 90 நாள் முன்னறிவிப்பைக் கொடுத்துத்தான் முடித்துக்கொண்டோம், அஞ்சல் ரசீது இருக்கிறது. அதே சமயம் வாய்ப்பே இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை, அதனால்தான் குறிப்பு 22இல் நிகழக்கூடிய பொறுப்பாக, கோரிய தொகையோடு வெளியிட்டிருக்கிறோம். டிசம்பர் வரை வழக்கறிஞர் செய்த வேலைக்கான 1,10,000 கணக்கில் ஏறிவிட்டது. அவர் எங்களுக்குக் கொடுத்த முழு ஆலோசனைக் குறிப்பைக் கேட்டிருந்தீர்கள், வழக்கு நடப்பதால் அதைத் தர இயலாது. உங்கள் விசாரணைக் கடிதத்துக்கு நேரடியாகப் பதில் எழுதும்படி அவருக்கு நேற்றே எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டோம்.

கேள்வி 4: டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு 11:40க்குப் போட்ட கைப்பதிவு, 48,000.

அது நான் போட்டது. ஒரு இயந்திரத்தின் தேய்மானம் இரண்டு முறை ஏறியிருந்ததைத் திருப்பியது, கணக்கீடு இணைப்பில். நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆண்டு முடிவு வாரம். ஆனால் ஒப்புதல் கொடுத்ததும் நானே, அதுதான் பிரச்சினை: ஒப்புதல் தருபவர் விடுப்பில் இருந்தார், மென்பொருளும் தடுக்கவில்லை. தொகை சரி, நடைமுறை சரியில்லை. உங்கள் கட்டுப்பாட்டுக் குறைபாட்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. பிப்ரவரி 25 முதல், போட்டவரே ஒப்புதல் தர முடியாதபடி அமைப்பை மாற்றிவிட்டோம். ஆண்டு முழுவதிலும் இப்படி ஒரே ஆள் போட்டு ஒப்புதல் தந்த பதிவுகளின் பட்டியலும் எடுத்தேன், இதோடு சேர்த்து மூன்று.

கேள்வி 5: வங்கி உறுதிப்படுத்தல். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. வங்கிக்கு நீங்கள் அனுப்பி, பதிலும் உங்களுக்கே நேராக வரட்டும், நாங்கள் நடுவில் வரவில்லை.

1, 2க்கான திருத்தங்கள் இரண்டும் சேர்ந்தால் வரிக்கு முந்தைய லாபம் 5,82,000 குறையும். இவை நிதி இயக்குநருக்குத் தெரியும், இந்தப் பதிலை அவர் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து இடத்தில் இருப்பேன், 14 பம்புகளின் சோதனைப் பதிவேட்டின் அசலையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

நன்றி,
கணக்குப் பிரிவு மேலாளர்
பிப்ரவரி 27, 2025