வரலாற்றுக் கலைச்சொற்கள்: ஒன்பதாம் வகுப்பு, முதல் பருவம்

முதன்மைச் சான்று: ஒரு நிகழ்வு நடந்த காலத்திலேயே உருவான கல்வெட்டு, நாணயம், கடிதம் போன்றவை முதன்மைச் சான்றுகள் எனப்படும். எடுத்துக்காட்டு: கி.மு. 196இல் ஒரே ஆணை மூன்று எழுத்துமுறைகளில் பொறிக்கப்பட்ட ரொசெட்டா கல் 1799இல் கண்டெடுக்கப்பட்டது. அதன் கிரேக்கப் பகுதியைப் படிக்க முடிந்ததால்தான், எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கும் முறையை பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822இல் அறிவிக்க வழி பிறந்தது. ஆனால் அது மன்னரைப் புகழ்ந்து பூசாரிகள் வெளியிட்ட ஆணை. பழையது என்பதற்காக அதில் உள்ளதை எல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது.

இரண்டாம் நிலைச் சான்று: அத்தகைய சான்றுகளை ஆராய்ந்து பிற்காலத்தவர் எழுதுவது. எடுத்துக்காட்டு: உங்கள் வரலாற்றுப் பாடநூல்.

நூற்றாண்டு: தொடர்ச்சியான 100 ஆண்டுகள். எடுத்துக்காட்டு: பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதல் நூற்றாண்டு 1 முதல் 100 வரை என்பதை மறப்பவர்களே விடைத்தாளில் 17 என்று எழுதுகிறார்கள்.

புரட்சி: ஆட்சியமைப்பையோ சமூக அமைப்பையோ அடியோடு மாற்றும் எழுச்சி. எடுத்துக்காட்டு: 1917இல் ரஷ்யாவில் ஜார் ஆட்சி வீழ்ந்தது.

காலனியாதிக்கம்: ஒரு நாடு வேறொரு நிலப்பகுதியைக் கைப்பற்றி, அதன் வளத்தையும் உழைப்பையும் தன் நலனுக்குப் பயன்படுத்துவது. எடுத்துக்காட்டு: 1908 முதல் 1960 வரை காங்கோ பெல்ஜியத்தின் காலனியாக இருந்தது.