வாங்கு: அக்காவுக்கு எழுதிய தாள்

அக்கா, நேற்று மண்டியில் நீங்கள் "போன வாரம் நாலு கூடை செந்தூரா மாம்பழம் வாங்குவேன்" என்றீர்கள். கணக்குப்பிள்ளை அதை வரப்போகிற சரக்கு என்று நினைத்து நோட்டில் எழுதிவிட்டார். அதனால்தான் இந்த ஒரு சொல்லை மட்டும் முதலில் எடுத்திருக்கிறேன்.

வாங்கு என்பது வேர். அதோடு காலத்தைச் சொல்லும் ஒரு துண்டு, பிறகு ஆளைச் சொல்லும் ஒரு துண்டு.

இப்போது: வாங்கு + கிற் + ஏன் = வாங்குகிறேன்
முடிந்தது: வாங்கு + இன் + ஏன் = வாங்கினேன்
இனிமேல்: வாங்கு + வ் + ஏன் = வாங்குவேன்

நடுத்துண்டை மட்டும் நன்றாகப் பாருங்கள். காலம் அங்கேதான் இருக்கிறது. கடைசித் துண்டு மூன்று காலத்துக்கும் ஒன்றேதான்:

நான்: வாங்குகிறேன், வாங்கினேன், வாங்குவேன்
நாங்கள்: வாங்குகிறோம், வாங்கினோம், வாங்குவோம்
நீ: வாங்குகிறாய், வாங்கினாய், வாங்குவாய்
நீங்கள்: வாங்குகிறீர்கள், வாங்கினீர்கள், வாங்குவீர்கள்
அவன்: வாங்குகிறான், வாங்கினான், வாங்குவான்
அவள்: வாங்குகிறாள், வாங்கினாள், வாங்குவாள்
அவர்: வாங்குகிறார், வாங்கினார், வாங்குவார்
அவர்கள்: வாங்குகிறார்கள், வாங்கினார்கள், வாங்குவார்கள்
அது: வாங்குகிறது, வாங்கியது, வாங்கும்

"அது" வரிசை மட்டும் கொஞ்சம் விலகிப் போகும். வாங்கியது, வாங்கும் இரண்டையும் அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். மாங்கூழ் ஃபேக்டரியைப் பற்றிப் பேச இதுதான் வேண்டும்: "ஃபேக்டரி பெங்களூரா மாம்பழம்தான் வாங்கும்."

மேலே இருப்பது எழுத்து. வாயில் வருவது வாங்குறேன், வாங்குனேன், வாங்குவேன். வியாபாரியிடம் வாங்குறீங்க, வாங்குனீங்க, வாங்குவீங்க. வயதில் பெரிய அம்மாவைச் சொன்னால் வாங்குனாங்க.

உங்கள் வீட்டுத் தெலுங்கு இங்கே பாதி உதவும், பாதி இடறும். "கொண்டானு" என்றால் உங்களுக்கு வழக்கமாக வாங்குவதும் அதுதான், நாளைக்கு வாங்கப்போவதும் அதுதான். தமிழில் வாங்குவேன் என்பதும் அப்படியே இரண்டுக்கும் வரும். "ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில வாங்குவேன்" என்றால் வாராவாரம் அங்கே வாங்குகிற பழக்கத்தையும் சொல்லலாம். ஆனால் நேற்று என்று வந்துவிட்டால் "இன்" கண்டிப்பாக வேண்டும்.

இன்னொன்று. தெலுங்கில் பெண்ணுக்கும் பொருளுக்கும் முடிவு ஒன்றே என்பதால் நீங்கள் "என் தங்கச்சி வாங்குச்சு" என்கிறீர்கள். நம்ம ஊர்ப் பேச்சில் அப்படிச் சொல்பவர்கள் உண்டு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எழுதும்போது மட்டும் "தங்கை வாங்கினாள்".

இன்று ராத்திரி இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

இப்ப கால் கிலோ மல்லி வாங்குறேன்.
நேத்து ரெண்டு கூடை வாங்குனேன்.
நாளைக்குக் காத்தால அஞ்சு கூடை வாங்குவேன்.

பிறகு கூடைக் கணக்கை மாற்றி நீங்களே ஆறு வாக்கியம் எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன். அடுத்த தாளில் "வில்".